கத்து, நீட்டு, எறி, இறங்காதே

கேள்வி: "அம்பை பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கிணறு, குளம், ஆறு பற்றி ஒரு பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம்தான். நீச்சல் சொல்லிக்கொடுக்க வழியில்லை. எதைச் சொல்வது, எதை நடிக்கச் சொல்வது?"

முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அதில் பாதியைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டால் போதாது. தீயணைப்புத் துறையில் 27 வருடம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு தாமிரபரணிக் கரை ஊர்ப் பள்ளிகளில் இதே வகுப்பை எடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் நானும் கிணற்றுப் பக்கம் போகாதே, குளத்துப் பக்கம் போகாதே என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் அதே பிள்ளைகளை அதே குளத்துப் படித்துறையில் பார்த்தேன். குளிக்கவும், துணி அலசவும், மாடு கழுவவும் தண்ணீருக்குப் போய்த்தான் ஆக வேண்டிய ஊரில் 'போகாதே' என்பது ஒரு பாடமாக நிற்காது.

அப்புறம் வகுப்பை ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றிக் கட்டினேன். கூட வந்தவன் தண்ணீரில் விழுந்துவிட்டால், அவனைத் தூக்க நீ இறங்கக் கூடாது. கரையில் நின்றே செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன. கத்து, நீட்டு, எறி. இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பணியில் இருந்தபோது ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து இரண்டு பிள்ளைகளை எடுத்தோம். முதலில் விழுந்தவன் சின்னவன். அடுத்தவன் அவனைப் பிடிக்கப் போனவன், ஒன்பது வயது. கிணற்று மேட்டில் பம்புசெட் அறைச் சுவரில் ஆணியில் ஒரு கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. தண்ணீர் வரை தாராளமாக எட்டும் கயிறு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எடுக்கத் தோன்றாது. அந்த நொடியில் கை கால் ஏற்கனவே பழகியதைத்தான் செய்யும். அதனால்தான் இந்தப் பாடத்தைக் காதில் போட்டால் போதாது, கையில் போட வேண்டும் என்கிறேன்.

பிள்ளைகளுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்கள். மூழ்குகிறவன் சத்தம் போட மாட்டான். சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கூவுவதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகும், மூச்சு எடுக்கவே நேரம் இருக்காது. கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, ஏணியில் ஏறுகிறவன்போலத் தண்ணீரைக் கீழே அழுத்தும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு விளையாடுகிற மாதிரியே தெரியும். சின்னப் பிள்ளை என்றால் 20 நொடியில் முழுகிவிடலாம், பெரியவர்களுக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் கைக்கு எது அகப்பட்டாலும் அதைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பான். அகப்படுவது நண்பனின் கழுத்தாக இருந்தாலும் விட மாட்டான். இதை ஒரு பையனை நிற்க வைத்து நீங்களே நடித்துக் காட்டுங்கள். வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல், கையை விரித்து அழுத்தி. வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு அமைதியாகப் பார்க்கும். அந்தப் படம் அவர்கள் மனதில் நின்றுவிடும்.

பிறகு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். கோலப்பொடியோ சுண்ணாம்புத் தூளோ எடுத்து, 15 அடி அகலத்துக்கு உங்கள் ஊர்க் குளத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். கரை எங்கே, மடை எங்கே, மறுகால் எங்கே, படித்துறை எங்கே என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி: 'கோடையில் வண்டல் மண் எங்கே அள்ளினார்கள்?' நாலைந்து பேர் ஓடிப்போய் அந்த இடத்தைக் காட்டுவார்கள். அங்கே பெரிய குழி வரையச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் குளங்களில் நான் பார்த்த விபத்துகளில் பல இந்தக் குழியில் நடந்தவை. வைகாசியில் அந்த இடத்தில் நின்று கிரிக்கெட் ஆடியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகிய பிறகு அதே இடம் மேலே பார்க்க ஒரே மட்டமாகத் தெரியும், உள்ளே இரண்டாள் ஆழம் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்து போகிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். மடைக்குப் பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். மடை திறந்திருக்கும்போது உள்ளே தண்ணீர் இழுக்கிற இழுப்பு மேலே தெரியாது. அமலைச் செடியும் ஆம்பல் கொடியும் கிடக்கிற பக்கமும் அப்படித்தான். கால் சுற்றிக்கொண்டால் பெரியவர்களாலேயே உதறி வர முடியாது.

இப்போது நடிப்பு. நாலு பேருக்கு நாலு வேலை. ஒருவன் கோட்டுக்குள் உட்கார்ந்து, நீங்கள் காட்டியபடி சத்தமில்லாமல் மூழ்குகிறவன். இன்னொருவன் கரையிலிருந்து நீட்டுகிறவன் அல்லது எறிகிறவன். மூன்றாமவன் ஓடிப்போய்ப் பெரியவரைக் கூட்டி வருகிறவன். நாலாமவனுக்கு ஒரே வேலை: விழுந்த இடத்தை விரலால் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. இந்த நாலாவது வேலையைப் பலரும் விட்டுவிடுவார்கள். நாங்கள் வந்து சேரும்போது கரையில் 50 பேர் நிற்பார்கள், 'எங்கே விழுந்தான்' என்றால் 50 பேரும் 50 இடம் காட்டுவார்கள். ஒரு பிள்ளை விரலை நீட்டியபடி அசையாமல் நின்றிருந்தால், தேடுகிற நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

ஓடுகிறவன் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பதற்றத்தில் வரும் பிள்ளை 'ஐயோ ஐயோ' என்று மட்டும் சொல்லும். நான் சொல்லிக்கொடுப்பது இது: 'பெரியப்பா, மேலக்குளத்து மடைகிட்ட ஒரு பையன் விழுந்துட்டான். கயிறு எடுத்துட்டு ஓடியாங்க.' எந்த இடம், எத்தனை பேர், என்ன கொண்டு வர வேண்டும், இந்த மூன்றும் அதில் இருக்கின்றன. 108, 112 இரண்டு எண்களையும் சொல்லிக்கொடுங்கள், ஆனால் பிள்ளையின் முதல் வேலை போன் தேடுவது இல்லை, பக்கத்தில் இருக்கிற பெரியவரைப் பிடிப்பது.

நீட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நின்றபடி கம்பை நீட்டினால் உள்ளே இருப்பவன் இழுக்கிற இழுப்பில் கரையில் இருப்பவனும் போய்விடுவான். குப்புறப் படுத்துக்கொண்டு, காலை அகட்டி, மார்பு தரையில் பட நீட்ட வேண்டும். இன்னொருவன் அவன் காலைப் பிடித்துக்கொள்ளலாம். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, மூங்கில் கம்பு, துண்டு, தாவணி, எதுவானாலும் சரி. கையை மட்டும் நேராக நீட்டக் கூடாது. கம்பு என்றால் ஆபத்து வரும்போது விட்டுவிடலாம், மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் உதற முடியாது. 'ரொம்ப இழுத்தால் கம்பை விட்டுவிடு, இன்னொன்று எடு' என்று சொல்லிப் பழக்குங்கள்.

எறிவதற்கு 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றும், 40 அடிக் கயிறும் போதும். காலி கேனை அப்படியே எறிந்தால் காற்று தள்ளிவிடும், இரண்டு விரல்கடைத் தண்ணீர் விட்டு மூடி இறுக்கினால் நினைத்த இடத்துக்குப் போகும். ஐந்து லிட்டர் காற்று ஒரு பிள்ளையின் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தி வைக்கப் போதுமானது. முழு உடம்பையும் தூக்க வேண்டியதில்லை, மூக்கும் வாயும் மேலே இருந்தால் போதும். கயிற்றை வாங்கும்போது ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கிற கயிறுதான் வேண்டும். எறிவதற்கு முன் கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். பத்துக்கு ஏழு பிள்ளைகள் முதல் தடவை கயிறு முழுவதையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள், அதற்காகவே இதை மூன்று முறையாவது செய்ய வைக்க வேண்டும். கேன் விழுந்தவனின் முகத்தில் விழாமல் அவனைத் தாண்டி விழ வேண்டும், பிறகு மெதுவாக இழுத்தால் கயிறு அவன் கைக்கு வரும். கயிறே இல்லையா? கேனை மட்டும் எறி. பிளாஸ்டிக் குடம் இருந்தால் அதை எறி. குடத்தைக் கவிழ்த்துக் கட்டிப்பிடித்தால் மிதக்கலாம் என்பது ஆற்றங்கரைப் பிள்ளைகள் பலருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

போன வருடம் புரட்டாசியில் மணிமுத்தாறு பக்கத்து ஒரு ஊரில் இந்த நடிப்பைச் செய்தபோது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எறிகிற வேலை கொடுத்தேன். கோட்டுக்குள் மூழ்குகிறவனாக உட்கார்ந்தது ஒன்றாம் வகுப்பில் படிக்கிற அவன் தம்பி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன். நான் விசில் ஊதியதும் கேனைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கோட்டுக்குள் ஓடினான். திரும்ப நிறுத்தினேன், மறுபடியும் ஓடினான். மூன்றாவது தடவை கேனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினான். 'ஏன்லே இறங்குன?' என்று கேட்டேன். 'தம்பி சார்' என்றான், அவ்வளவுதான். நான் அவனைத் திட்டவில்லை. கரைக் கோட்டில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, காலை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, கையில் துண்டைக் கொடுத்தேன். துண்டைத் தம்பி பிடித்ததும் இழுத்தான். தம்பி சறுக்கிக்கொண்டே கரைக்கு வந்துவிட்டான். இறங்காமலேயே தம்பி வந்துவிட்டான் என்பதை அவன் கை உணர்ந்த பிறகுதான் அடுத்த தடவை கோட்டுக்கு வெளியே நின்றான். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிகளைச் சேர்த்தே நடிக்க வையுங்கள். அறிமுகம் இல்லாத பிள்ளைக்காக இறங்காமல் நிற்பது சுலபம். தம்பிக்காக நிற்பதுதான் பழக வேண்டியது.

கிணற்றுக்கு இதே நடிப்பில் ஒரு மாற்றம் வேண்டும். கிணற்றில் விழுந்தவனைப் பிள்ளைகள் மேலே தூக்கப் பார்க்கக் கூடாது. நனைந்த துணியோடு 25 கிலோ உள்ள ஒரு பிள்ளையை நேர் மேலே இழுக்க இரண்டு பிள்ளைகளால் முடியாது. பாதி வந்து கை நழுவினால் சுவரில் அடிபட்டு விழுவான், இல்லையென்றால் இழுக்கிறவர்கள் உள்ளே போவார்கள். எனவே கயிற்றின் ஒரு நுனியைப் பம்புசெட் குழாயிலோ மரத்திலோ கட்டிவிட்டு மறுநுனியைக் கேனோடு இறக்க வேண்டும். 'அதைப் பிடிச்சுக்கிட்டு சுவரோட ஒட்டி இரு, ஆள் வருது' என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மிதக்க வைப்பது பிள்ளைகள் வேலை, தூக்குவது பெரியவர்கள் வேலை. மேலும் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு, மழை நாளில் விளிம்பு மண் சரியும். எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை நடிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். பந்து விழுந்தால் பந்து போனது போனதுதான்.

ஆற்றுக்கு வேறு ஒரு பழக்கம் தேவை. நம் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொதிகை மலையில் பெய்த மழையும், பாபநாசத்திலிருந்து திறந்த தண்ணீரும் வந்து சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆறு எவ்வளவு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் சாதாரண நாளில் அரை மணி நேரத்தில் இரண்டு அடி ஏறுவது கண்ணுக்குப் படாது. அதனால் ஒவ்வொரு படித்துறையிலும் ஓர் அடையாளக் கல்லைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரை ஒட்டி, தலை காய்ந்திருக்கிற கல். குளிக்க இறங்கும்போது அதைப் பார். நடுவில் பார். அதன் தலை நனைந்துவிட்டால் யாரையும் கேட்காமல் கரையேறு. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலும், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலும் அதே உத்தரவுதான். மணல் அள்ளிய கசம் எங்கே என்று ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து சொல்ல வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது இடம் மாறும். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் எதற்காவது பக்கத்தில் உங்கள் ஊர் இருந்தால், அணைக்கட்டுக்குக் கீழே நுரை பின்னோக்கித் திரும்புகிற இடத்தைக் கரையில் நின்று காட்டுங்கள். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டால் அது போகாமல் அங்கேயே புரண்டுகொண்டிருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

இன்னொன்றை வகுப்பில் தனியாக எடுத்துப் பேச வேண்டும், இது பிள்ளைகளைவிடப் பெற்றோருக்கானது. வீட்டுக்குத் தெரியாமல் குளிக்கப் போனவர்களில் ஒருவன் முழுகிவிட்டால், மற்றவர்கள் அடிக்குப் பயந்து அவன் சட்டையை ஒளித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தேட ஆரம்பித்து, எங்கே தேடுவது என்றே தெரியாமல் நின்ற இரவுகள் எனக்கு உண்டு. அதனால் நடிப்பில் பெரியவராக வருகிற ஆசிரியர் முதலில் கோபமாக 'யாரைக் கேட்டுப் போனீங்க?' என்று கத்துவதை நடித்துக் காட்டட்டும். பிறகு அதே காட்சியை, 'எந்த இடம்? காட்டு' என்று மட்டும் கேட்டபடி ஓடுவதாக நடிக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் இதைச் செய்தால், பல தாய்மார் அன்றே பிள்ளைகளிடம் பேசுவார்கள்.

இந்த வகுப்பால் எது முடியும், எது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிறு எறிவதும், படுத்து நீட்டுவதும், ஓடிச் சொல்வதும் மைதானத்தில் பழகினால் வரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீரில் மல்லாந்து மிதப்பது மைதானத்தில் வராது. தரையில் படுக்க வைத்துக் கையை விரித்து, வயிற்றை உயர்த்திக் காட்டலாம், ஆனால் அதைக் கற்றுவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொண்டால் அதுவே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்பும் சேர்த்தே கற்றுத்தரச் சொல்கிறது. நீங்கள் இப்போது எடுக்கப் போவது அதில் ஒரு பாதிதான். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எந்த விதியும் பயன்படாது, அவர்களுக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஓர் ஆள்தான் பாதுகாப்பு. ஒரு முறை எடுத்த வகுப்பு மூன்று மாதத்தில் பாதி கரைந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், கோடை விடுமுறைக்கு முன் ஒரு முறையும், பத்து நிமிடம் நடிப்பை மட்டும் திரும்பச் செய்தால் நிற்கும்.

தூக்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அது மூச்சுக்கு வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும், வயிற்றில் இருப்பது வெளியே வந்து நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு மார்பை அழுத்த வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விடாமல், ஆசிரியர்களும் இளைஞர்களும் 108 ஊழியர்களையோ அரசு மருத்துவமனை ஆட்களையோ அழைத்து நேரில் பழகிக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்தால் வராது. மூச்சு திரும்பி, எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீர் குடித்து இருமிய பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு போயே ஆக வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், படித்துறை மரத்தில் கேனையும் கயிற்றையும் பிள்ளைக் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். நாலைந்து ஊர்களில் மாட்டினோம், ஒரே மாதத்தில் கேன் காணாமல் போனது. தண்ணீர் பிடிக்க, டீசல் வாங்க என்று யாருக்காவது தேவைப்படும். இப்போது என்ன செய்கிறோம் என்றால், உள்ளே இரண்டு விரல்கடைத் தண்ணீரை விட்டு, மூடியைச் சூடு காட்டி உருக்கி ஒட்டிவிடுகிறோம், வெளியே சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறோம். திறக்க முடியாத கேனை யாரும் எடுத்துப் போவதில்லை. கயிறு மட்டும் வெயிலில் இற்றுப்போகும், சித்திரையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து மாற்றுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.